சும்மா கிடந்த மூன்றாவது கால்

"ஏனுங்க சார், நான் போட்டது நானூறு தட்டுக்குள்ளதானுங்க இருக்கும். இது தொள்ளாயிரத்துச் சொச்சம் காட்டுதுங்களே?"

பாக்குமட்டைத் தட்டு செய்யும் சின்னப் பட்டறை அது. ஊறவைத்துக் கழுவிய மட்டையைச் சூடான அச்சுக்கு நடுவே வைத்து மிதியை மிதித்தால், மேல் அச்சு இறங்கி மட்டையைத் தட்டாக வளைத்துவிடும். கூலி தட்டுக் கணக்கில். நோட்டில் கோடு போட்டு எண்ணியதில் வாரத்துக்கு ஒரு தகராறு வந்ததால், பட்டறை நடத்தும் அக்கா என்னிடம் ஒரு எண்ணும் கருவி கேட்டிருந்தார். நானும் செய்து மாட்டிவிட்டேன். முதல் நாள் மாலையே இந்தப் புகார்.

"எனக்குக் கூலி ஏறுனாச் சந்தோசந்தானுங்க. அக்கா ஒத்துக்கோணுமுங்களே" என்று அவரே சிரித்தார்.

கருவியில் பெரிதாக ஒன்றும் இல்லை. அச்சின் கை கீழே இறங்கும்போது ஒரு மைக்ரோ சுவிட்சின் நெம்புகோலைத் தட்டும். சுவிட்சின் ஒரு முனை கிரவுண்டில் இருக்கிறது. மறுமுனை ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டுக்குப் போகிறது. அந்த முனையே எண்ணும் ஐசியின் உள்ளீடும்கூட. சுவிட்ச் மூடினால் உள்ளீடு தாழும், திறந்தால் உயரும். சி.டி.4026 என்ற அந்த ஐசி, தாழ்விலிருந்து உயர்வுக்கு ஏறும் ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டி, சிவப்பு எண்பலகையில் காட்டும். அப்படி மூன்று ஐசிகள், மூன்று இலக்கங்கள். மிதித்து விட்டால் ஒரு ஏற்றம், ஒரு தட்டு. காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நெம்புகோலை விரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தேன். பலகையில் 7 இருந்தது. விரலை எடுக்கும் முன்பே அது 9 ஆனது. எடுத்ததும் 10. அடுத்த அழுத்தில் 10 நேராக 11 ஆனது. அதற்கடுத்த முறை ஒரே தாவலில் 14. ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் தப்பாகக் காட்டினால் வகுத்தாவது சரிசெய்யலாம். இது அப்படியும் இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். விரலை விடும்போது மட்டுமே மாறவேண்டிய எண், அழுத்தும்போதும் மாறியது. சுவிட்ச் துள்ளுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கல்தரையில் எவர்சில்வர் டம்ளரைப் போட்டால் ஒரு 'டங்' மட்டுமா கேட்கிறது? 'டங்' என்று ஆரம்பித்து, இடைவெளி குறையக் குறைய 'டங்டங்டட்டட்' என்று ஓடித்தானே அடங்குகிறது. சுவிட்சுக்குள்ளும் அதேதான். உள்ளே ஸ்பிரிங் தகட்டின் நுனியில் ஒரு உலோகக் குமிழ். அது வேகமாகப் போய் இன்னொரு உலோகத்தில் மோதுகிறது. மோதினால் எகிறும், ஸ்பிரிங் திரும்ப அழுத்தும், மறுபடி மோதும், மறுபடி எகிறும். சில முறை இப்படி ஆடியபிறகே படிகிறது. வீட்டு விளக்கு சுவிட்சிலும் இது நடக்கிறது. நம் கண் கவனிப்பதில்லை. நொடிக்கு லட்சக்கணக்கில் எண்ணக்கூடிய ஐசிக்கோ ஒவ்வொரு எகிறலும் ஒரு தனி அழுத்து.

சுவிட்சைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தேன். ஒரு கட்டத்துக்கு 1 மில்லி நொடி, ஒரே ஒரு முறை பிடித்து நிறுத்து என்று அமைத்துவிட்டு அழுத்தினால் படம் அப்படியே நின்றுவிடும். முதல் தொடுகை 15 மைக்ரோ நொடிதான் நிலைத்தது. அடுத்து ஏறத்தாழ 0.4 மில்லி நொடி காற்றில். பிறகு ஒரு தொடுகை, அதைவிடச் சிறிய எகிறல். இப்படி ஐந்து தொடுகைகள். முதல் தொடுகையிலிருந்து கணக்கிட்டால் 1.8 மில்லி நொடியில் எல்லாம் அடங்கிவிட்டது. மறுமுறை அழுத்தியபோது வேறு படம் வந்தது.

எல்லாச் சுவிட்சும் இதே அளவுதான் துள்ளும் என்று சொல்லவும் முடியாது. ஜாக் கான்சில் என்ற அமெரிக்கப் பொறியாளர் 18 வகைச் சுவிட்சுகளை வரிசையாகச் சோதித்து எழுதியிருக்கிறார். பெரும்பாலானவற்றின் சராசரி ஒன்றரை மில்லி நொடிக்குச் சற்று மேல். ஆனால் அவற்றில் ஒன்று, திறக்கும்போது 150 மில்லி நொடிக்கும் மேல் துள்ளியது.

இதற்கு எல்லோரும் முதலில் நாடும் மருந்து ஒரு கண்டென்சர். நானும் அதைத்தான் செய்தேன். உள்ளீட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோ ஃபாரட் ஒன்றைப் போட்டால், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக அது நிரம்ப நேரம் பிடிக்கும். 1 மில்லி நொடியில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே நிரம்பும். 0.4 மில்லி நொடி எகிறலில் மின்னழுத்தம் 1.6 வோல்ட் வரைதான் ஏறும், ஐசி அதை உயர்வு என்று எடுத்துக்கொள்ளாது. கணக்கு சரியாக வந்தது. இரண்டு வாரத்துக்கு எண்ணும் சரியாக வந்தது. பிறகு பழையபடி தாவ ஆரம்பித்தது. சுவிட்சைத் திரும்பப் பார்த்தால் ஸ்பிரிங் தளர்ந்து எகிறல் நீண்டிருந்தது. 1 மில்லி நொடி காற்றில் இருந்தால் மின்னழுத்தம் 3 வோல்ட்டைத் தாண்டிவிடும், ஐசி எண்ணிவிடும்.

கண்டென்சரைப் பத்து மடங்கு பெரிதாகப் போட்டிருக்கலாம்தான். இருபது நொடிக்கு ஒரு தட்டு அடிக்கும் இயந்திரத்துக்கு அந்தத் தாமதம் பொருட்டே இல்லை. ஆனால் அதுவும் ஊகம்தான். இந்தச் சுவிட்ச் இன்னும் ஆறு மாதம் கழித்து எவ்வளவு நேரம் துள்ளும் என்று நான் ஊகிக்க வேண்டும். ஊகம் தப்பினால் மறுபடி பஸ் ஏற வேண்டும். எனக்கு அதில் விருப்பமில்லை.

அப்போதுதான் சுவிட்சின் மூன்றாவது காலைப் பார்த்தேன். மைக்ரோ சுவிட்ச் வாங்கினால் மூன்று கால் இருக்கும். பொதுவான கால் ஒன்று, 'காம்' என்பார்கள். அழுத்தினால் அதனோடு சேர்வது 'என்.ஓ.'. அழுத்தாதபோது சேர்ந்திருப்பது 'என்.சி.'. நான் காமையும் என்.ஓ.வையும் மட்டும் இணைத்துவிட்டு, என்.சி.யைச் சும்மா விட்டிருந்தேன்.

என் தவறு அங்கேதான் இருந்தது. என்.ஓ.வை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் ஐசிக்குத் தெரிந்தது இரண்டே நிலைகள்: தொடுகிறது, தொடவில்லை. 'தொடவில்லை' என்றால் 'விட்டுவிட்டார்கள்' என்றே அது பொருள்கொள்கிறது. உண்மையில் 'தொடவில்லை' என்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். குமிழ் என்.சி. பக்கம் திரும்பிப் போயிருக்கலாம், அல்லது என்.ஓ.வை ஒட்டியே அரை நொடிக்கும் எத்தனையோ பங்கு குறைவான நேரம் எகிறிக்கொண்டிருக்கலாம். ஒரு காலை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. அதனால்தான் 'எவ்வளவு நேரம் தொடவில்லை' என்று நேரத்தை அளக்கவேண்டி வருகிறது. கண்டென்சர் செய்வது அதைத்தான். என்.சி.யையும் கேட்டால் நேரத்தை அளக்கவே வேண்டாம். குமிழ் உண்மையில் திரும்பிப் போயிருந்தால் என்.சி.யைத் தொட்டிருக்குமே! தொடவில்லை என்றால் இன்னும் போகவில்லை.

கிரிக்கெட்டில் ரன் எண்ணுவதுபோல. ஓடிவந்தவர் கோட்டுக்குள் மட்டையை ஒருமுறை வைத்தால் ஒரு ரன். பரபரப்பில் நான்கு முறை தட்டினாலும் ஒரு ரன்தான். அடுத்த ரன் வேண்டுமென்றால் எதிர்க் கோட்டைத் தொட்டாக வேண்டும். நடுப் பாதையில் நிற்கும்வரை அவர் எங்கே இருக்கிறார் என்பது கணக்கில் சேராது. எந்தக் கோட்டைக் கடைசியாகத் தொட்டார் என்பதை மட்டும் யாராவது நினைவில் வைத்திருந்தால் போதும்.

அந்த நினைவுதான் எஸ்ஆர் லேட்ச். லேட்ச் என்றால் தாழ்ப்பாள். பெயருக்கு ஏற்ற வேலையைத்தான் அது செய்கிறது. ஒரு பக்கம் தள்ளினால் அங்கேயே நிற்கும், மறுபக்கம் தள்ளினால் ஒழிய நகராது. எஸ் என்றால் செட், ஆர் என்றால் ரீசெட். செய்வதும் சுலபம்: நேண்ட் கேட் இரண்டு போதும். 74எச்.சி.00 என்ற ஐசி ஒன்று வாங்கினால் அதில் நான்கு கேட் இருக்கும்.

நேண்ட் கேட்டின் சுபாவம் ஒரே வரியில் அடங்கும்: இரண்டு உள்ளீடும் உயர்ந்திருந்தால் மட்டுமே அதன் வெளியீடு தாழும், ஒன்று தாழ்ந்தாலும் வெளியீடு உயர்ந்துவிடும். இரண்டு கேட்டை எடுத்து, ஒன்றின் வெளியீட்டை மற்றதன் உள்ளீட்டில் குறுக்காக மாட்ட வேண்டும். ஒவ்வொரு கேட்டிலும் மிச்சமிருக்கும் ஒரு உள்ளீடு வெளியே வரும். ஒன்று என்.ஓ.வுக்கு, மற்றது என்.சி.க்கு. எழுத்தில் போட்டால் இவ்வளவுதான்:

```
Q1 = NAND(NO, Q2)
Q2 = NAND(NC, Q1)
```

காம் கிரவுண்டில். என்.ஓ., என்.சி. இரண்டுக்கும் தனித்தனி ரெசிஸ்டர் 5 வோல்ட்டுக்கு. எனவே குமிழ் தொடும் பக்கம் தாழும், தொடாத பக்கம் உயர்ந்தே இருக்கும். கால் எண்களில் சொன்னால்: என்.ஓ. 1-ஆம் காலுக்கு, என்.சி. 5-ஆம் காலுக்கு. 3-ஆம் காலிலிருந்து ஒரு கம்பி 4-க்கு, 6-ஆம் காலிலிருந்து ஒரு கம்பி 2-க்கு. 14-இல் 5 வோல்ட், 7-இல் கிரவுண்ட். எண்ணும் ஐசிக்கு 3-ஆம் கால் போகிறது. வேலையில்லாத இரண்டு கேட்டுகளின் உள்ளீடுகளான 9, 10, 12, 13-ஐயும் கிரவுண்டில் கட்டிவிட வேண்டும். இந்த வகை ஐசியில் உள்ளீட்டை அந்தரத்தில் விட்டால் கை பக்கத்தில் போனாலே அது மேலும் கீழும் ஆடும். சுவிட்ச் பக்கத்து ரெசிஸ்டர் ஒன்று கழன்றுபோனாலும் இதே கூத்துதான் நடக்கும்.

இனி ஒரு மிதியை மட்டும் எடுத்துக்கொண்டு மெதுவாகப் பார்ப்போம்.

மிதிக்கும் முன் குமிழ் என்.சி.யில் படிந்திருக்கிறது. என்.சி. தாழ்வு, ஆகவே இரண்டாவது கேட்டின் வெளியீடு உயர்வு. அந்த உயர்வு முதல் கேட்டுக்குப் போகிறது. அதன் இன்னொரு உள்ளீடான என்.ஓ.வும் உயர்வு. இரண்டும் உயர்வு என்பதால் முதல் கேட்டின் வெளியீடு தாழ்வு. எண்ணும் ஐசி தாழ்வைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கருவிக்கு மின்சாரம் கொடுத்ததுமே இந்த நிலைக்கு அது வந்துவிடும். சுவிட்ச் எப்போதும் ஏதோ ஒரு பக்கம் படிந்தே இருக்கும் என்பதால் ஆரம்பத்தில் குழப்பமில்லை.

அச்சின் கை இறங்குகிறது. குமிழ் என்.சி.யை விட்டுக் கிளம்புகிறது. கிளம்பும்போதும் ஒன்றிரண்டு முறை உரசிவிட்டுத்தான் போகும். உரசும்போது என்.சி. தாழ்கிறது, விடும்போது உயர்கிறது. ஆனால் லேட்ச் ஏற்கெனவே என்.சி. சொன்ன பக்கம்தான் நிற்கிறது. சாத்திய கதவைத் திரும்பச் சாத்துவதுபோல, அந்த உரசலால் எதுவும் மாறாது.

அடுத்து குமிழ் நடுவெளியில். இரண்டு பக்கமும் தொடாததால் என்.ஓ., என்.சி. இரண்டும் உயர்வு. முழு வித்தையும் நடப்பது இந்த நிலையில்தான். ஒவ்வொரு கேட்டும் வெளியிலிருந்து உயர்வையே கேட்பதால், இனி மற்ற கேட் சொல்வதற்கு நேர் எதிராக மட்டுமே அது பேச முடியும். இரண்டாவது உயர்ந்திருப்பதால் முதலாவது தாழ்ந்திருக்கிறது. முதலாவது தாழ்ந்திருப்பதால் இரண்டாவது உயர்ந்திருக்கிறது. ஏற்றப் பலகையின் இரண்டு நுனிபோல ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றன. வெளியிலிருந்து யாரும் எதுவும் சொல்லாதவரை அப்படியே நிற்கும், ஒரு நொடியானாலும் ஒரு நாளானாலும். (இப்படி இரண்டு உறுப்புகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நினைவு வைக்கும் யோசனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1918-இல் எக்கிள்ஸ், ஜோர்டன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் வெற்றிடக் குழாய்களை வைத்து இதற்குக் காப்புரிமை கேட்டார்கள்.)

இப்போது குமிழ் என்.ஓ.வை முதல்முறையாகத் தொடுகிறது. என்.ஓ. தாழ்வு, எனவே முதல் கேட் உயர்ந்தாக வேண்டும். அந்த உயர்வு இரண்டாவதுக்குப் போக, அதற்கு இரண்டு உள்ளீடும் உயர்வு, எனவே அது தாழ்கிறது. அந்தத் தாழ்வு திரும்பி வந்து முதல் கேட்டை உயர்விலேயே கட்டிப்போடுகிறது. ஒரு கேட்டுக்குப் பத்து நானோ நொடிக்கும் குறைவு. சுற்று முழுவதும் முடிய இருபது நானோ நொடி போதும். முதல் தொடுகை 15 மைக்ரோ நொடிதான் நிலைத்தது என்றேனே, அது லேட்ச் கவிழத் தேவையானதைவிட எழுநூறு மடங்கு அதிகம். எண்ணும் ஐசி ஒரு ஏற்றத்தைக் கண்டு ஒன்று கூட்டிவிட்டது.

குமிழ் எகிறுகிறது. 0.4 மில்லி நொடி காற்றில். ஆனால் இப்போது என்.ஓ. உயர்வு, என்.சி. உயர்வு, அதாவது நடுவெளியில் இருந்த அதே நிலை. இரு கேட்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றன, இந்த முறை பலகை மறுபக்கம் சாய்ந்த நிலையில். மறுபடி தொடுகிறது: செட் ஆனதையே செட் ஆகு என்கிறது. மறுபடி எகிறல், மறுபடி மௌனம். ஐந்து தொடுகையும் இப்படியே கழிகின்றன. வரிசையாக எழுதிப் பார்த்தால்:

```
NC NO   Q1
0  1    0
1  1    0
0  1    0
1  1    0
1  0    1
1  1    1
1  0    1
1  1    1
1  0    1
```

இடப்பக்கம் எத்தனை முறை ஆடினாலும் கடைசிப் பத்தியில் ஒரே ஒரு மாற்றம். காலை எடுத்ததும் இதே கதை தலைகீழாக: என்.ஓ.விலிருந்து உரசிக் கிளம்பி, நடுவெளி கடந்து, என்.சி.யை முதலில் தொட்ட கணத்தில் லேட்ச் ஒருமுறை இறங்கும். என்.சி.யில் எத்தனை துள்ளினாலும் அதற்குமேல் அசையாது.

இதெல்லாம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: எகிறிய குமிழ் எதிர்ப்பக்கத்தைத் தொடக்கூடாது. தொடாது என்று எப்படிச் சொல்வது? என் படத்திலேயே விடை இருந்தது. என்.சி.யை விட்டு என்.ஓ.வைத் தொட, ஸ்பிரிங் முழுமூச்சாகத் தள்ளியும், 2 மில்லி நொடி பிடித்தது. மிகப் பெரிய எகிறல் போகவர 0.4 மில்லி நொடி; போவதற்கு மட்டும் 0.2. அதுவும் ஸ்பிரிங் எதிர்த்து இழுக்க இழுக்கப் போவது. இடைவெளியின் சிறு பங்கைக்கூட அது தாண்டாது. பழசாகி எகிறல் இரண்டு மூன்று மடங்கானாலும் லேட்ச்சுக்குக் கவலையில்லை, எதிர்க் கரைக்குப் போகாதவரை. நேரம் என்ற ஒன்றே அந்தக் கணக்கில் இல்லை.

நிபந்தனையை உடைக்கும் சுவிட்சும் உண்டு. சில சுழல் சுவிட்சுகள் பழைய முனையை விடும் முன்பே புதிய முனையைத் தொட்டுவிடும், நடுவே துண்டிப்பு வரக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்யப்பட்டவை. அவற்றை இந்தச் சுற்றில் மாட்டினால், என்.சி. இன்னும் தாழ்ந்திருக்கும்போதே என்.ஓ. துள்ள ஆரம்பிக்கும். என்.ஓ. தொடும்போது முதல் கேட் உயரும், எகிறினால், என்.சி. தாழ்வாக இருப்பதால், ரீசெட் ஆகித் திரும்ப இறங்கும். துள்ளல் அப்படியே வெளியே வரும். வாங்கும்போதே, விட்டபிறகு தொடும் வகைதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மீட்டரை என்.ஓ.விலும் என்.சி.யிலும் வைத்து மெதுவாக நகர்த்தினால் நடுவே ஒரு கணமாவது இரண்டும் ஒன்றுசேர்கிறதா என்பது தெரியும். ஆனால் மைக்ரோ சுவிட்சில் அப்படி மெதுவாக நகர்த்த முடியாது, அது பட்டென்று தாவிவிடும். தாவும் வகை விட்டபிறகே தொடும்.

இரண்டே முனை உள்ள சுவிட்சுக்கு லேட்ச் உதவாது. சர்க்யூட் பலகைகளில் இருக்கும் நான்கு கால் குட்டிப் பொத்தானைப் பார்த்து ஏமாறக்கூடாது. அதில் கால்கள் இரண்டிரண்டாக உள்ளேயே சேர்ந்திருக்கும், உண்மையில் இரண்டு முனைதான். அங்கெல்லாம் கண்டென்சர், அல்லது 10, 20 மில்லி நொடி காத்திருந்து மறுபடி பார்க்கும் நிரல். நூறு பொத்தான் உள்ள கீபோர்டில் பொத்தானுக்கு மூன்று கம்பி இழுக்க யாருக்கும் மனம் வராது. என்னைப் போல ஒன்றிரண்டு சுவிட்ச் வைத்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் இது. நான்கு சுவிட்ச் வரை இருந்தால், நான்கு லேட்ச் ஒன்றாக அடங்கிய சி.டி.4044 என்ற ஐசியும் இருக்கிறது.

மேசையில் வைத்து நூறு முறை அழுத்தினேன். 100. தளர்ந்த அதே பழைய சுவிட்சை வைத்து இன்னொரு நூறு. 200. பட்டறைக்குக் கொண்டுபோகும்போது ஒரு மாற்றம் மட்டும் செய்தேன். மேசையில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தேன். அதில் சுவிட்ச் வழியே ஓடுவது அரை மில்லி ஆம்பியர்தான். வெள்ளி முனைகளில் காலப்போக்கில் ஒரு மெல்லிய படலம் படியும்; இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தால் அதை உடைத்துக்கொண்டு போக முடியாமல் சில தொடுகைகள் தவறலாம். புகையும் தூசியும் உள்ள இடம், நான்கு மீட்டர் கம்பி வேறு. 1 கிலோ ஓம் போட்டு 5 மில்லி ஆம்பியர் ஆக்கினேன். பொன்முலாம் பூசிய முனை உள்ள சுவிட்ச் வாங்கியிருந்தால் இதுவும் தேவைப்பட்டிருக்காது.

மாலையில் போன் வந்தது. அவர் கணக்கு 412. கருவி 431.

தொள்ளாயிரத்துக்கு இது எவ்வளவோ தேவலை என்று விட்டுவிடத் தோன்றியது. ஆனால் லேட்ச் துள்ளலை விட்டால் மொத்தமாக விடும், நிறுத்தினால் மொத்தமாக நிறுத்தும். பத்தொன்பது மட்டும் கூடுதல் என்பது துள்ளல் செய்கிற காரியமாகத் தெரியவில்லை. மறுநாள் ஆஸிலோஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு கோட்டில் என்.ஓ., மறு கோட்டில் என்.சி. துள்ளல் என்றால் ஒரு கோடு மட்டும்தான் ஆடும், மற்றது அசையாது உயர்ந்தே இருக்கும். இங்கே சில மிதிகளில் இரண்டு கோடும் மாறி மாறித் தாழ்ந்தன. குமிழ் நிஜமாகவே இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வருகிறது. லேட்ச் அதை எண்ணியது சரிதான்.

காரணம் இரும்பில் இருந்தது. அச்சு மட்டையில் அழுந்தி நிற்கும் இடத்தில் கை லேசாக அதிர்கிறது. நான் சுவிட்சை மாட்டியிருந்த உயரத்தில், அந்த இடத்தில்தான் நெம்புகோல் தாவும் புள்ளியும் இருந்தது. அதிர்வில் அது அந்தப் புள்ளிக்கு மேலும் கீழுமாகப் போய்வந்திருக்கிறது. இரண்டு திருகைத் தளர்த்தி, சுவிட்சை 3 மில்லிமீட்டர் உயர்த்தி முடுக்கினேன். இப்போது கை பாதி வழி இறங்கும்போதே சுவிட்ச் தாவிவிடும், அழுந்தி நிற்கும் இடம் தாவும் புள்ளியைவிட்டு வெகு கீழே.

அன்றைக்கு அவர் 398, கருவி 402. பக்கத்தில் உட்கார்ந்து நானும் எண்ணினேன். ஐம்பதாவது தட்டுக்குப் பக்கத்தில் அவர் ஒரு மட்டையை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார், வைத்து மிதித்தார், அச்சைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஒரு மிதி மிதித்தார்.

"இதென்னங்க, ஒரு தட்டுக்கு ரெண்டு மிதி?"

"தடிச்ச மட்டைங்க சார். ஒரு மிதிக்கு வளையாது."

"அப்ப கருவி ரெண்டுன்னுதான் எண்ணும்."

"ரெண்டு மிதிக்குண்டான கால் வலி எனக்குத்தானுங்களே" என்றார். அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அந்தக் கணக்கை அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளட்டும் என்று நான் ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டேன்.